விலைச்சீட்டு, ஹேங்கர், கிளிப்: துணிப் படத்தில் எதை அழிக்கலாம்?

நூல்கண்டு · மார்ச் 4, இரவு 9.50

ஈரோட்டில் சின்னத் தையல் கடை வைத்திருக்கிறேன். அளவு கொடுத்துத் தைப்பது தவிர, ரெடிமேட் ஜாக்கெட், சுடிதார், குழந்தைகளுக்குப் பாவாடை சட்டை எல்லாம் தைத்து ஆன்லைனிலும் விற்கிறோம். மொத்தம் 38 படம். எல்லாமே கடையில் தொங்கியது தொங்கியபடி, பொம்மையில் போட்டது போட்டபடி போனில் எடுத்தவை. அதனால் ஒன்றில் விலைச்சீட்டு, ஒன்றில் ஹேங்கர், ஒன்றில் கிளிப் என்று ஏதாவது தெரிகிறது.

போன வாரம் ஒரு அம்மா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "சீட்டில் 650 போட்டிருக்கிறதே, என்னிடம் மட்டும் ஏன் 720?" என்று கேட்டார். கூடுதல் 70 ரூபாய் பார்சல் செலவு. விளக்கிச் சொன்னேன், அவர் வாங்கவில்லை. அன்று இரவே எல்லாவற்றையும் அழித்துவிடுவது என்று உட்கார்ந்தேன்.

கம்ப்யூட்டரில் படம் திருத்தும் GIMP இருக்கிறது. `Heal` எடுத்துத் தேய்த்தேன். மூன்று மணி நேரத்தில் நான்கு படம்தான் முடிந்தது, அதில் ஒன்று பாழ். அரக்கு நிற சில்க் காட்டன் ஜாக்கெட், கை ஓரத்தில் கோபுர பார்டர். சீட்டு அந்த பார்டர் மேலேயே தொங்குகிறது. தேய்த்த இடத்தில் சரிகை சேறு போலக் குழம்பிப்போனது. இதை எப்படிச் செய்கிறார்கள்?

சட்டைக்காரன் · மார்ச் 4, இரவு 10.15

இதற்குக் கம்ப்யூட்டரே வேண்டாம் அக்கா. போனில் Snapseed போட்டு `Healing` எடுங்கள், விரலால் ஒரு தடவு, சீட்டு போய்விடும். நான் காட்டன் சட்டை விற்கிறேன், இருநூறு படத்துக்கு மேல் இப்படித்தான் செய்தேன். படத்தை நன்றாகப் பெரிதாக்கிக்கொண்டு தடவுங்கள். பெரிதாக்கினால் தடவும் வட்டம் துணியில் சின்னதாக விழும், சுற்றியிருப்பது கெடாது.

வெள்ளைப்பூண்டு · மார்ச் 5, காலை 6.40

சீட்டை இழுத்துப் பிடுங்காதீர்கள். அந்தப் பிளாஸ்டிக் நரம்பு சில்க்கில் குத்திய இடத்தில் ஓட்டை விழுந்து, இழுத்தால் நூலே கிழிந்துவிடும். எனக்கு இரண்டு ஜாக்கெட் வீணாகியிருக்கிறது. கத்தரியால் நரம்பை வெட்டி, மிச்சத்தைப் பின்பக்கமாக எடுங்கள். குத்தும்போதே துணியில் குத்தாமல் ஓரத் தையலுக்குள் அல்லது கொக்கி வளையத்தில் மாட்டுங்கள். இரும்பு ஹேங்கர் மழைக்காலத்தில் துருக்கறை விடும், அதையும் மாற்றிவிடுங்கள்.

நூல்கண்டு · மார்ச் 5, மதியம் 2.10

வெள்ளைப்பூண்டு அக்கா, நான் கேட்டது படத்தில் இருக்கும் சீட்டை. ஆனாலும் கொக்கி வளையத்தில் மாட்டும் யோசனை நல்லது. இத்தனை நாள் கையிலேயே குத்திக்கொண்டிருந்தோம். வளையத்தில் மாட்டினால் சீட்டு பின்பக்கம் போய்விடும், முன்பக்கப் படத்தில் தெரியவே தெரியாது. இனி தைப்பதற்கெல்லாம் அப்படித்தான்.

சட்டைக்காரன் தம்பி சொன்னதைச் செய்து பார்த்தேன். ஒரே நிறத் துணியில், சீட்டு நடு உடம்பில் தொங்கும் படங்களில் அழகாகப் போகிறது. ஒன்பது படம் அரை மணி நேரத்தில் முடிந்தது, நன்றி. ஆனால் கோபுர பார்டரில் வேலைக்காகவில்லை. அது எங்கிருந்து எடுத்து ஒட்டுகிறது என்பது நம் கையில் இல்லை. ஒரு தடவலில் உடம்புத் துணியைக் கொண்டுவந்து பார்டரில் வைக்கிறது, அடுத்த தடவலில் பின்னால் இருக்கும் சுவரைக் கொண்டுவந்து வைக்கிறது.

நூல்கண்டு · மார்ச் 5, இரவு 11.05

மறுபடி GIMP. இந்த முறை `Clone`. Ctrl அழுத்திக்கொண்டு பார்டரின் நல்ல பகுதியில் ஒரு கிளிக், அப்புறம் சீட்டின் மேல் தடவல். குழம்பவில்லை, சரிகை சரிகையாகவே வந்தது. சந்தோஷமாகத் தூங்கப் போயிருப்பேன். போகும் முன் பார்டரை எண்ணிப் பார்த்தேன். சீட்டு மூடியிருந்த இடத்தில் மூன்று கோபுரம் இருக்க வேண்டும். நான் ஒட்டியதில் இரண்டரைதான் இருக்கிறது, பாதிக் கோபுரம் பக்கத்துக் கோபுரத்தின் தோளில் ஏறி நிற்கிறது. வாங்குகிறவர் எண்ண மாட்டார் என்று வீட்டில் சொல்கிறார்கள். பார்டர் பொருத்தித் தைக்கிற கடையின் படத்தில் பார்டர் பொருந்தாமல் இருந்தால் எப்படி?

படத்துளி · மார்ச் 6, காலை 9.30

திருப்பூரில் பன்னிரண்டு வருடமாகத் துணி கேட்டலாக் படங்கள் திருத்துகிறேன். உங்கள் இரண்டரைக் கோபுரத்தைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது.

முதலில் குழம்பல் ஏன் என்று. `Heal` ஓரிடத்தின் இழையை எடுத்து வந்து, ஒட்டும் இடத்தைச் சுற்றியிருக்கும் நிறத்தோடும் வெளிச்சத்தோடும் கலக்கும். சுற்றிலும் ஒரே அரக்குத் துணி என்றால் அந்தக் கலப்பு நன்மை. பக்கத்தில் வெள்ளைச் சீட்டின் மிச்சமோ, சரிகையோ, சுவரோ இருந்தால் அந்த நிறமும் உள்ளே வழியும். துணியின் விளிம்பில் தேய்த்தால் சுவரின் சாம்பல் ஜாக்கெட்டுக்குள் இறங்குவது அதனால்தான். `Clone` எதையும் கலக்காது, இருப்பதை அப்படியே கொண்டுவந்து வைக்கும். அதனால் விளிம்பிலும் பார்டரிலும் `Clone`, வெற்றுத் துணியிலும் வெற்றுச் சுவரிலும் `Heal`. தம்பி சொன்ன வழி அவர் சட்டைக்குச் சரி. கட்டம், கோடு, புட்டா, பார்டர் வந்தால் அங்கே நிற்கும்.

ஆனால் உங்கள் பார்டரில் `Clone`-ம் முழுத் தீர்வு இல்லை. கை வளைந்து தொங்குகிறது, ஓரத்துக்குப் போகப் போகக் கோபுரம் ஒடுங்கும். நடுவில் இருக்கும் அகலமான கோபுரத்தை எடுத்து ஓரத்தில் வைத்தால் எண்ணிக்கை இடிக்கத்தான் செய்யும்.

நாங்கள் இந்த மாதிரி இடத்தில் எதையும் வரைவதில்லை, இரண்டு படம் எடுப்போம். போனை ஸ்டாண்டில் வைத்து, சீட்டு தொங்குகிறபடி ஒன்று. எதையும் அசைக்காமல், சீட்டை மட்டும் தூக்கி வேறு பக்கம் போட்டு இன்னொன்று. முதல் படத்தில் சீட்டு மூடிய பார்டர் இரண்டாவதில் திறந்து கிடக்கும். GIMP-இல் `File > Open as Layers` கொடுத்து இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்றாக வையுங்கள். மேல் படத்துக்கு `Layer > Mask > Add Layer Mask`, அதில் `White (full opacity)`. அப்புறம் ஓரம் மெத்தென்று இருக்கிற பிரஷ்ஷில் கறுப்பு எடுத்துச் சீட்டின் மேல் பூசுங்கள். சீட்டு மறைந்து கீழ்ப்படத்தின் நிஜப் பார்டர் தெரியும். கூடுதலாகப் பூசிவிட்டால் வெள்ளை எடுத்துப் பூசினால் திரும்பி வந்துவிடும், எதுவும் அழிவதில்லை.

சட்டைக்காரன் · மார்ச் 6, காலை 10.02

அண்ணா, அதற்குச் சீட்டைக் கழற்றிவிட்டே எடுக்கலாமே?

படத்துளி · மார்ச் 6, காலை 10.20

கழற்ற முடிந்தால் கழற்றிவிட்டு எடுப்பதுதான் முதல் வழி. அக்கா கடையில் அந்தச் சீட்டோடுதான் துணி அலமாரிக்குத் திரும்புகிறது, ஒவ்வொன்றையும் வெட்டி மறுபடி குத்த ஆள் வேண்டும். குத்தும்தோறும் சில்க்கில் ஒரு துளை கூடும். அதைத்தான் வெள்ளைப்பூண்டு அம்மா நேற்றே சொன்னார்.

நூல்கண்டு · மார்ச் 6, இரவு 9.15

இரண்டு படம் எடுத்தேன், ஒட்டவில்லை. சீட்டைத் தூக்கிப் போட்டபோது கை லேசாக ஆடியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியவில்லை, ஒட்டிய பிறகு பார்டர் கோடு நடுவில் உடைந்து நிற்கிறது. இன்னொன்று, இரண்டாவது படம் முழுக்க ஒரு சாயல் வெளிர். அதே டியூப்லைட், அதே இடம்.

படத்துளி · மார்ச் 6, இரவு 10.40

வெளிர்ந்தது போனின் வேலை. வெள்ளைச் சீட்டு இடம் மாறியதும் அது வெளிச்சத்தைப் புதிதாகக் கணக்குப் போடுகிறது. எடுப்பதற்கு முன் திரையில் ஜாக்கெட்டின் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள், பூட்டு அடையாளம் வரும். அதன் பிறகு இரண்டையும் எடுங்கள். போனைத் தொட்டு எடுக்காமல் டைமர் வையுங்கள்.

அசைவைக் கண்டுபிடிக்க ஒரு வழி. இரண்டு படத்தையும் அடுக்கிய பின், மேல் படத்தின் `Mode`-ஐ `Difference` என்று மாற்றுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்கும் இடம் கறுப்பாகும். அசைந்திருந்தால் பார்டரின் ஓரம் வெள்ளைக் கோடாகப் பளிச்சிடும். சீட்டு இருந்த இடமும் போன இடமும் மட்டும் வெளிச்சமாக, மற்றதெல்லாம் கறுப்பாக இருந்தால் நல்ல ஜோடி. பார்த்த பிறகு `Normal`-க்குத் திரும்ப மறக்காதீர்கள்.

நூல்கண்டு · மார்ச் 7, மாலை 5.30

வந்துவிட்டது! மூன்றாவது முயற்சியில்.

கை ஆடாமல் இருக்க, ஜாக்கெட் கையின் உள்பக்கம் ஒரு சாக்குத் துண்டைச் சுருட்டி வைத்தேன். சீட்டைக் கையால் தூக்காமல் பின்னல் ஊசியால் நகர்த்தி மேலே தோள்பக்கம் போட்டேன். இரண்டாவது முயற்சியில் கை ஆடவில்லை, ஆனால் சீட்டைக் கொஞ்சம்தான் நகர்த்தியிருந்தேன். சீட்டு விலகியது, அதன் நிழல் இன்னமும் பார்டர் மேலேயே விழுந்தது. ஒட்டிய படத்தில் சீட்டே இல்லாமல் ஒரு சீட்டு நிழல்! மூன்றாவதில் ஒரு சாண் தள்ளிப் போட்டேன். `Difference` வைத்தால் இரண்டு சாய்ந்த கட்டங்கள் தவிர எல்லாம் கறுப்பு. பூசும்போது சீட்டோடு அதன் நிழலுக்கும் சேர்த்துப் பூசினேன்.

கோபுரம் எண்ணினேன். மூன்று. ஓரத்துக்குப் போகப் போக ஒடுங்கி, நான் தைத்தபடியே நிற்கிறது.

முதல் ஜோடிக்குத்தான் நேரம். பழகிய பிறகு ஒரு ஜாக்கெட்டுக்கு எடுப்பதும் ஒட்டுவதும் சேர்த்து ஏழெட்டு நிமிடம். தேய்த்துக்கொண்டிருந்தபோது ஒன்றுக்கு முக்கால் மணி நேரம் போனது.

கோடைமழை · மார்ச் 7, இரவு 8.20

வாங்குகிற பக்கத்திலிருந்து சொல்கிறேன். எனக்கு ஹேங்கர் தெரிந்தால் ஒன்றும் தோன்றாது. பார்க்கப்போனால் ஹேங்கர் இருந்தால்தான் இது அவர்களே எடுத்த படம், எங்கிருந்தோ இறக்கிப் போட்டதில்லை என்று நம்பிக்கை வருகிறது. ஹேங்கரை ஏன் அழிக்கிறீர்கள்?

நூல்கண்டு · மார்ச் 8, காலை 7.00

கோடைமழை, நீங்கள் கேட்டதை இரவு முழுக்க யோசித்தேன். எனக்கு ஹேங்கரில் இரண்டு தொல்லை. ஒன்று மேலே தெரியும் கொக்கி. அது வெறும் சுவர் மேல் இருக்கிறது, `Heal` போதும், ஒரு நிமிடம். இன்னொன்று கழுத்துக்குள் தெரியும் குறுக்குக் கம்பு. அது பின் கழுத்தின் உள்பக்கத்தை மறைக்கிறது, அங்கேதான் லைனிங் எப்படி மடித்திருக்கிறோம், பைப்பிங் எப்படி வைத்திருக்கிறோம் என்று தெரியும். தையல் தெரிந்தவர்கள் முதலில் பார்ப்பது அந்த இடத்தை. அதனால் அழகுக்காக அல்ல, அது தெரிய வேண்டும் என்றுதான்.

ஆனால் கம்பை `Clone` வைத்து மூடினால் நான் தைக்காத ஒரு கழுத்தை வரைந்து காட்டியதாகிவிடும். படத்துளி, இதற்கும் இரண்டு படமா?

படத்துளி · மார்ச் 8, காலை 11.45

இதற்கும் அதேதான், ஆனால் `Difference` பொருந்தாது, துணியை நகர்த்தியாக வேண்டும். ஹேங்கரில் ஒன்று எடுங்கள். அப்புறம் ஜாக்கெட்டை ஹேங்கரிலிருந்து எடுத்து, முன் கழுத்தைக் கீழே மடித்து, பின் கழுத்தின் உள்பக்கம் மட்டும் தெரிய இன்னொன்று. பின் கழுத்து முதல் படத்தில் இருந்த அதே வளைவில் நிற்க, அட்டையில் தோள் வடிவம் வெட்டி உள்ளே வையுங்கள். இரண்டாவதை அடியில் வைத்து, மேல் படத்தில் கழுத்துத் துளைக்குள் மட்டும் கறுப்பு பூசினால் உள்பக்கம் தெரியும். தோள் தையல் இரண்டும் சந்திக்கும் இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், தப்பு அங்கேதான் தெரியும். கேட்டலாக்கில் ஆள் இல்லாமல் சட்டை மட்டும் நிற்கிற படங்கள் எல்லாம் இப்படி வந்தவைதான்.

கொக்கியை `Heal` செய்த சுவரை ஒருமுறை சோதியுங்கள். `Colors > Curves`-இல் கோட்டைச் செங்குத்தாக இழுத்துப் பாருங்கள், ஒட்டிய திட்டு அப்போது துலக்கமாகத் தெரியும். தெரிந்தால் அந்த மாற்றத்தை ரத்து செய்துவிட்டுத் திருத்துங்கள். உங்கள் கண்ணுக்குத் தெரியாதது வேறு ஒருவர் போனில் வெளிச்சம் கூட்டி வைத்தால் தெரியும்.

சட்டைக்காரன் · மார்ச் 8, மதியம் 1.10

என் பழைய படங்களில் `Curves` இழுத்துப் பார்த்தேன். ஐந்தில் மூன்றில் சுவரில் திட்டுத் திட்டாக இருக்கிறது. இத்தனை நாள் யாரும் சொல்லவில்லை. கட்டம் போட்ட சட்டைகளையும் இன்று மறுபடி பார்க்கிறேன்.

நூல்கண்டு · மார்ச் 9, இரவு 10.30

அடுத்து கிளிப். பொம்மைக்குப் பின்னால் இரண்டு பைண்டர் கிளிப் போட்டு இறுக்கியிருக்கிறேன், பக்கவாட்டுப் படங்களில் அதன் காது எட்டிப் பார்க்கிறது. அதையும் அழித்துவிட்டால் வேலை முடிந்தது.

படத்துளி · மார்ச் 10, காலை 9.05

அழிக்கும் முன் ஒரு கேள்வி. பொம்மையின் அளவு எத்தனை, ஜாக்கெட்டின் அளவு எத்தனை?

நூல்கண்டு · மார்ச் 10, மதியம் 3.40

பொம்மை 32. ஜாக்கெட் 36.

எழுதும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. பின்னால் நான்கு அங்குலத் துணியைக் கொத்தாகப் பிடித்துக் கிளிப் போட்டிருக்கிறேன். முன்பக்கம் சும்மா செதுக்கி வைத்தது போல உட்கார்ந்திருக்கிறது. இப்போது படத்தைத் தையல்காரியாகப் பார்க்கிறேன். பக்கத் தையல் இடுப்பின் நடுவில் இல்லை, பின்னுக்குப் போய்விட்டது. பிரின்சஸ் கட் கோடுகள் இரண்டும் வெளிப்பக்கம் சாய்ந்திருக்கின்றன. அக்குளிலிருந்து முதுகுப் பக்கம் படுக்கையாக நாலைந்து இழுவைச் சுருக்கம். கிளிப்பின் காதை அழித்தாலும் இந்தச் சுருக்கம் அப்படியே நிற்கும். சுருக்கத்தையும் அழித்தால் 36 அளவுக்காரருக்கு இப்படி உட்காரும் என்று நான் பொய் சொன்னதாகும்.

ஜனவரியில் ஒரு ஜாக்கெட் திரும்பி வந்தது. "படத்தில் கச்சிதமாக இருந்தது, எனக்கு அக்குளில் தொளதொளக்கிறது" என்று எழுதியிருந்தார். அளவு தப்பாகச் சொல்லிவிட்டார் என்று நினைத்து, அப்படியே பதிலும் எழுதினேன். இப்போது அந்த ஜாக்கெட்டின் படத்தை எடுத்துப் பார்த்தேன். ஓரத்தில் கிளிப். அவருக்கு இன்று மன்னிப்புக் கேட்டு எழுதினேன்.

கோடைமழை · மார்ச் 10, மாலை 6.15

அக்கா, சட்டமும் அதைத்தான் சொல்கிறது. 2020-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு இ-காமர்ஸ் விதிகளில், விளம்பரம் பொருளின் உண்மைத் தன்மையோடு ஒத்துப்போக வேண்டும் என்று இருக்கிறது. சீட்டை அழிப்பது வேறு, அளவை மாற்றிக் காட்டுவது வேறு.

சட்டைக்காரன் · மார்ச் 10, இரவு 7.50

கடைப் பொம்மைக்கு எல்லாரும்தான் கிளிப் போடுகிறார்கள். "படத்திற்காகப் பொம்மையில் பொருத்தப்பட்டது" என்று கீழே ஒரு வரி போட்டுவிட்டால் போதாதா?

கோடைமழை · மார்ச் 10, இரவு 8.05

அந்த வரியை நான் ஒருநாளும் படித்ததில்லை. படத்தைத்தான் பார்ப்பேன்.

நூல்கண்டு · மார்ச் 12, இரவு 9.00

கிளிப் இல்லாமல் எடுக்க, பொம்மையை 36 ஆக்கப்போகிறேன். நான்கு அங்குலம் வேண்டும், முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று பழைய பருத்தித் துண்டை மடித்துச் சுற்றுகிறேன்.

நூல்கண்டு · மார்ச் 12, இரவு 10.20

மேலே எழுதியது தப்பு. சுற்றிவிட்டு டேப் வைத்தால் 41! முன்னால் இரண்டு அங்குலம் கூட்டினால் அந்த இரண்டு மட்டும் கூடாது, பக்கவாட்டில் டேப் போகும் தூரமும் நீளுகிறது. சுற்றளவில் நான்கு கூட, சுற்றிலும் முக்கால் அங்குலத்துக்கும் குறைவான கனமே போதும். துண்டைப் பாதியாகக் குறைத்து, முன்பக்கம் கொஞ்சம் கூடுதலாக, முதுகில் கம்மியாக வைத்து, மேலே பனியன் துணியில் ஒரு உறை தைத்து மாட்டினேன். இப்போது 36. துண்டின் மடிப்பு ஓரம் ஜாக்கெட்டுக்கு வெளியே தெரியாமல் இருக்க அந்த உறை அவசியம்.

வெள்ளைப்பூண்டு · மார்ச் 13, காலை 6.30

துண்டு ஒரு மாதத்தில் அமுங்கும். மாதம் ஒருமுறை டேப் வைத்துப் பாருங்கள். நான் பஞ்சு ஷீட் சுற்றி, ஊசி நூலால் பொம்மைத் துணியோடே தைத்துவிட்டேன்.

நூல்கண்டு · மார்ச் 15, மாலை 6.45

கிளிப் போட்டிருந்த பதினாறு ஜாக்கெட்டையும் புதுப் பொம்மையில் எடுத்துவிட்டேன். பக்கத் தையல் பக்கத்திலேயே நிற்கிறது. இரண்டு ஜாக்கெட்டில் அக்குளில் லேசான தொய்வு தெரிகிறது. அதைப் படத்தில் தொடவில்லை, பேட்டர்னில் அக்குள் வளைவைக் கால் அங்குலம் ஏற்றி அடுத்த வெட்டில் பார்க்கப்போகிறேன். இந்த இரண்டையும் இப்போது விற்பதா, நிறுத்துவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

ஹேங்கர் விஷயத்தில் கோடைமழை சொன்னதற்கு நான் பாதி இறங்கி வந்துவிட்டேன். முதல் படம் கொக்கி, கம்பு இல்லாமல். கடைசிப் படமாக, கடையில் ஹேங்கரில் தொங்குகிறபடி, திருத்தாமல் ஒன்று. அதில் மட்டும் சீட்டைப் பின்னால் திருப்பிவிடுகிறேன்.

படத்துளி · மார்ச் 15, இரவு 9.30

திருத்தாத படத்தையும் திருத்திய படத்தையும் வேறு வேறு பெயரில் வையுங்கள். அடுக்குகளோடு இருக்கிற `.xcf` கோப்பையும் வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு ஒருவர் கேட்டால் எங்கே பூசினீர்கள் என்று திறந்து காட்டலாம்.

நூல்கண்டு · மார்ச் 16, காலை 7.20

வைத்துவிட்டேன். மிச்சம் நான்கு, எல்லாம் வெல்வெட் ஜாக்கெட். சீட்டை நகர்த்திய தடம் துணி மேல் கோடாக விழுகிறது, இரண்டாவது படத்தில் அந்தக் கோடு தெரிகிறது. பிரஷ்ஷால் ஒருபக்கமாக நீவிவிட்டு எடுத்தால், முதல் படத்தோடு நிறம் மாறிவிடுகிறது. வெல்வெட்டில் யாராவது இப்படி ஒட்டியிருக்கிறீர்களா?

படத்துளி · மார்ச் 16, காலை 10.10

வெல்வெட்டுக்குச் சீட்டை வெட்டிவிடுங்கள்.